0-1 நாப்சாக்: அட்டவணையை நிரப்புவதும் அதை ஒற்றை வரிசையாகச் சுருக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"0-1" என்ற பெயர் எதைக் குறிக்கிறது?

சில பொருள்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையும் ஒரு மதிப்பும் உண்டு. பைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. எடுத்த பொருள்களின் மொத்த எடை அந்தக் கொள்ளளவைத் தாண்டாமல், மொத்த மதிப்பு எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் ஒன்று விட்டுவிடலாம், அது 0. அல்லது முழுதாக ஒரு முறை எடுக்கலாம், அது 1. பாதி எடுப்பதற்கும் இல்லை, இரண்டு முறை எடுப்பதற்கும் இல்லை. இரண்டு முறை எடுக்கக் கூடாது என்ற இந்த நிபந்தனைதான் பின்னால் ஒற்றை வரிசையின் லூப் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது என்பதால், அதை இப்போதே மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் பயன்படுத்துகிறேன். கொள்ளளவு 7. பொருள்கள் நான்கு:

```
பொருள்   எடை   மதிப்பு
க         2      7
ச         3      9
ட         4     13
த         5     14
```

மதிப்பை எடையால் வகுத்து, பெரியதிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் போதாதா?

போதாது. க-வின் விகிதம் 3.5, ட-வின் விகிதம் 3.25, ச-வின் விகிதம் 3, த-வின் விகிதம் 2.8. இந்த ஒழுங்கில் எடுத்தால் முதலில் க, அடுத்து ட என்று எடை 6 ஆகிவிடுகிறது. மிச்சமிருக்கும் 1 அலகில் வேறெதுவும் நுழையாது. கிடைக்கும் மதிப்பு 20. ஆனால் விகிதத்தில் முதலிடம் பெற்ற க-வை விட்டுவிட்டு ச-வையும் ட-வையும் எடுத்தால் எடை சரியாக 7, மதிப்பு 22. பொருளைத் துண்டாக்கி எடுக்க அனுமதி இருந்தால் விகித முறை எப்போதும் சரியான விடையைத் தரும். துண்டாக்க முடியாதபோது வீணாகும் இடத்தை அது கணக்கில் கொள்வதில்லை.

அட்டவணையின் ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள்?

`T[i][w]` என்பது, முதல் i பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, கொள்ளளவு w ஆக இருக்கும் ஒரு பையில் அதிகபட்சமாக எவ்வளவு மதிப்பைச் சேர்க்க முடியும் என்பதைச் சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைத் தெளிவாக எழுதிவைத்துக்கொள்ளாமல் நிரலைத் தொடங்குபவர்கள்தான் பின்னால் இன்டெக்ஸ்களில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். "முதல் i பொருள்களை மட்டும்" என்பதும் "கொள்ளளவு w" என்பதும் சம அளவு முக்கியமானவை. இரண்டில் ஒன்றை மறந்தாலும் கட்டத்தின் பொருள் மாறிவிடும்.

i ஆவது பொருளைப் பற்றி நமக்கு இரண்டே முடிவுகள் உண்டு. விட்டுவிட்டால், முதல் i-1 பொருள்களைக் கொண்டு அதே கொள்ளளவில் கிடைக்கும் சிறந்த மதிப்பே விடை. எடுத்தால், அதன் மதிப்பு கையில் வந்துவிடுகிறது. ஆனால் அதன் எடையளவுக்குப் பை சுருங்கிவிடுகிறது, அந்தச் சுருங்கிய பையை முதல் i-1 பொருள்களைக் கொண்டு சிறப்பாக நிரப்ப வேண்டும். இரண்டில் பெரியதை எழுதுகிறோம்:

```
wt[i] > w எனில்:  T[i][w] = T[i-1][w]
இல்லையெனில்:     T[i][w] = max(T[i-1][w],
                               T[i-1][w - wt[i]] + val[i])
```

இங்கே கவனிக்க வேண்டியது, வலப்புறத்தில் வரும் இரண்டு கட்டங்களுமே i-1 ஆவது வரிசையில் இருக்கின்றன என்பது. ஒன்று நேர் மேலே இருக்கிறது. மற்றது மேல் வரிசையில் பொருளின் எடையளவு இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. நடப்பு வரிசையிலிருந்து நாம் எதையுமே படிப்பதில்லை.

அட்டவணையை எந்த ஒழுங்கில் நிரப்புவது? ஒரு முறை முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

பொருள் எதுவுமே இல்லாத நிலையைக் குறிக்கும் 0 ஆவது வரிசையில் எல்லாக் கட்டங்களிலும் 0 எழுதிவிட்டு, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக நிரப்ப வேண்டும். ஒரு வரிசைக்குள் இடமிருந்து வலமாகப் போனாலும் வலமிருந்து இடமாகப் போனாலும் முழு அட்டவணையில் விடை மாறாது. ஏனெனில் படிக்கும் கட்டங்கள் இரண்டும் ஏற்கெனவே நிறைந்துவிட்ட மேல் வரிசையில் இருக்கின்றன.

```
w        0   1   2   3   4   5   6   7
-        0   0   0   0   0   0   0   0
க        0   0   7   7   7   7   7   7
ச        0   0   7   9   9  16  16  16
ட        0   0   7   9  13  16  20  22
த        0   0   7   9  13  16  20  22
```

க-வின் வரிசை எளிது: எடை 2 என்பதால் w = 2 முதல் எல்லா இடத்திலும் 7. ச-வின் வரிசையில் w = 3 இல், விட்டுவிட்டால் மேலே உள்ள 7, எடுத்தால் 9 + 0; எனவே 9. அதே வரிசையில் w = 4 இல், எடுத்த பின் மிச்சம் 1 அலகுதான், அதில் க நுழையாது; எனவே அங்கும் 9. w = 5 இல் எடுத்த பின் மிச்சம் 2, மேல் வரிசையில் அதற்கு 7 இருக்கிறது; எனவே 16.

ட-வின் வரிசையில் இரண்டு கட்டங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். w = 5 இல் ட-வை எடுத்தால் 13 + 0 = 13 மட்டுமே கிடைக்கும்; விட்டுவிட்டால் 16. ஆகவே ட விடப்படுகிறது. w = 7 இல் ட-வை எடுத்தால் மிச்சம் 3, அதற்கு மேல் வரிசையில் 9, மொத்தம் 22; விட்டால் 16 மட்டும். ஒரே பொருள் ஒரு கொள்ளளவில் விடப்பட்டு, இன்னொரு கொள்ளளவில் எடுக்கப்படுகிறது. எல்லாக் கொள்ளளவுகளுக்கும் தனித்தனியே விடை கண்டுவைப்பது ஏன் என்பதற்கு இந்த இரண்டு கட்டங்களே போதுமான விளக்கம்.

த-வின் வரிசையில் எதுவும் மாறவில்லை. w = 7 இல் அதை எடுத்தால் 14 + 7 = 21; ஏற்கெனவே 22 இருக்கிறது.

கையால் நிரப்பும்போது ஒரு சோதனை உதவும். எந்த வரிசையிலும் இடமிருந்து வலமாகப் போகும்போது எண் குறையக் கூடாது, எந்தப் பத்தியிலும் மேலிருந்து கீழாக வரும்போதும் எண் குறையக் கூடாது. பெரிய பையோ கூடுதலான ஒரு பொருளோ விடையை மோசமாக்க முடியாது என்பதே காரணம். எங்காவது குறைந்திருந்தால் அந்தக் கட்டத்திலோ அது படித்த கட்டத்திலோ தவறு இருக்கிறது.

22 என்று தெரிந்துவிட்டது. எந்தப் பொருள்களை எடுத்தோம் என்பதை எப்படி அறிவது?

கடைசிக் கட்டத்திலிருந்து மேல் நோக்கி நடக்க வேண்டும். நிற்கும் கட்டத்தின் எண் நேர் மேலே உள்ள எண்ணுக்குச் சமமாக இருந்தால், அந்த வரிசையின் பொருள் எடுக்கப்படவில்லை என்று கொண்டு நேர் மேலே போகலாம். சமமில்லை என்றால் பொருள் எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் எடையைக் கழித்துக்கொண்டு மேல் வரிசைக்குப் போக வேண்டும்.

த-வின் வரிசையில் w = 7 இல் 22, மேலேயும் 22; த இல்லை. ட-வின் வரிசையில் 22, மேலே 16. ட உண்டு, w இப்போது 3. ச-வின் வரிசையில் w = 3 இல் 9, மேலே 7; ச உண்டு, w இப்போது 0. க-வின் வரிசையில் w = 0 இல் 0, மேலேயும் 0; க இல்லை. ஆக ச, ட.

பொருள்களின் ஒழுங்கை மாற்றினால் விடை மாறுமா?

இறுதி வரிசை மாறாது. இடைப்பட்ட வரிசைகள் மாறும். ஒரே மதிப்பைத் தரும் இரண்டு தெரிவுகள் இருந்தால், மேல் நோக்கி நடக்கும்போது எது கிடைக்கும் என்பது ஒழுங்கைப் பொறுத்தது.

முழு அட்டவணையும் தேவையில்லை, ஒரே வரிசை போதும் என்கிறார்களே, அது எப்படி?

ஒவ்வொரு வரிசையும் தனக்கு நேர் மேலே உள்ள வரிசையை மட்டுமே படிக்கிறது. ட-வின் வரிசையை நிரப்பும்போது க-வின் வரிசையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே பழைய வரிசை, புதிய வரிசை என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்பது முதல் படி. இதில் தவறு செய்ய வாய்ப்பு மிகக் குறைவு. சந்தேகம் இருப்பவர்கள் தயங்காமல் இதிலேயே நின்றுவிடலாம்.

இரண்டாவது படியில் அந்த இரண்டையும் ஒன்றாக்கி, பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை எழுதுகிறோம். `dp[w]` என்ற ஒரே அரேயில், ஒரு பொருளைக் கையாளத் தொடங்கும்போது எல்லாக் கட்டங்களிலும் பழைய வரிசையின் எண்கள் இருக்கின்றன. முடிக்கும்போது எல்லாவற்றிலும் புதிய வரிசையின் எண்கள் இருக்கின்றன. நடுவில் சில கட்டங்கள் பழையவை, சில புதியவை. ஒரு கட்டத்தை நாம் படிக்கும் நேரத்தில் அது இன்னும் பழையதாகவே இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

```
def knapsack(wt, val, W):
    dp = [0] * (W + 1)
    for i in range(len(wt)):
        for w in range(W, wt[i] - 1, -1):
            dp[w] = max(dp[w], dp[w - wt[i]] + val[i])
    return dp[W]
```

பொருளின் எடையைவிடச் சிறிய w-க்கு லூப் போவதே இல்லை. அங்கே `T[i][w] = T[i-1][w]` என்பதால், பழைய எண்ணைத் தொடாமல் விடுவதே புதிய எண்ணை எழுதியதற்குச் சமம்.

சேமிக்கப்படும் இடம் கணிசமானது. பொருள்கள் 1000, கொள்ளளவு 1,00,000, ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பைட் என்று கொண்டால் முழு அட்டவணை ஏறத்தாழ 800 மெகாபைட் எடுக்கும்; ஒற்றை வரிசை ஏறத்தாழ 800 கிலோபைட்டில் முடிந்துவிடும். நேரம் மட்டும் குறைவதில்லை: இரண்டிலும் கட்டங்களின் எண்ணிக்கை அதேதான், ஏறத்தாழ பத்துக் கோடி.

உள் லூப் ஏன் W-இலிருந்து பின்னோக்கி வர வேண்டும்? முன்னோக்கிப் போனால் என்ன கெட்டுவிடும்?

`dp[w]`-ஐக் கணக்கிடும்போது நாம் படிப்பது `dp[w - wt]`, அதாவது இடப்பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டம். பெரிய w-இலிருந்து சிறிய w-ஐ நோக்கி வந்தால், இடப்பக்கக் கட்டங்களை இன்னும் தொட்டிருக்க மாட்டோம். அவற்றில் இருப்பது இந்தப் பொருளை அறியாத பழைய வரிசை. சிறிய w-இலிருந்து தொடங்கினால் இடப்பக்கக் கட்டம் ஏற்கெனவே மாறியிருக்கும். அதில் இருக்கும் எண்ணுக்குள் இதே பொருள் ஏற்கெனவே சேர்ந்திருக்கக்கூடும். அதன் மேல் மீண்டும் இந்தப் பொருளின் மதிப்பைக் கூட்டினால், ஒரே பொருளை இரண்டு முறை எடுத்ததாக ஆகிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் முன்னோக்கி ஓட்டிப் பார்ப்போம். க-வுக்கு முதலில் `dp[2]` 7 ஆகிறது. w = 4 க்கு வரும்போது `dp[2]`-ஐப் படிக்கிறோம்; அது 0 ஆக இருந்திருக்க வேண்டும், ஆனால் இப்போது 7. எனவே `dp[4]` 14 ஆகிறது. அப்படியே `dp[6]` 21 ஆகிறது. ஒரே ஒரு க மட்டும் இருக்கும்போது பையில் மூன்று க இருப்பதாகக் கணக்கு சொல்கிறது.

```
w                0   1   2   3   4   5   6   7
க, பின்னோக்கி    0   0   7   7   7   7   7   7
க, முன்னோக்கி    0   0   7   7  14  14  21  21
```

முன்னோக்கிய லூப்பிலேயே நான்கு பொருள்களையும் முடித்தால் இறுதி விடை 23 என்று வருகிறது. க-வை இரண்டு முறையும் ச-வை ஒரு முறையும் எடுத்ததன் மதிப்பு அது. எடை சரியாக 7 ஆகவும் இருக்கிறது. இது அர்த்தமற்ற எண் அன்று. ஒவ்வொரு பொருளையும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வேறொரு கணக்கின் சரியான விடை. அந்தக் கணக்குக்கு முன்னோக்கிய லூப்தான் முறை. அங்கே, எடுத்த பிறகும் அதே பொருள் மீண்டும் கிடைக்கிறது என்பதால், நடப்பு வரிசையின் புதிய எண்ணைப் படிப்பதே தேவையாகிறது. இரண்டு நிரல்களும் உள் லூப்பின் திசையில் மட்டும் வேறுபடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தவறு பல சோதனைகளில் வெளியே தெரியாமல் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பொருள்களும் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடை கொண்டவையாக இருந்தால், எதையும் இரண்டு முறை எடுக்கவே முடியாது. இரு திசைகளும் ஒரே விடையைத் தரும். எனவே சோதனைக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள்: எடை 1, மதிப்பு 10, கொள்ளளவு 3. விடை 10 ஆக இருக்க வேண்டும். 30 வந்தால் லூப்பின் திசை தவறு.

முழு அட்டவணை வைத்திருந்தபோது முன்னோக்கித்தான் ஓட்டினேன், சரியாக வந்ததே?

அங்கே பழைய எண்ணும் புதிய எண்ணும் வெவ்வேறு வரிசைகளில் இருந்தன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. நிரலில் இருந்த `i-1` என்ற குறியீடு "பழையதைப் படி" என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒற்றை வரிசையில் அந்தக் குறியீடு மறைந்துவிடுகிறது. அது செய்துகொண்டிருந்த வேலையை இப்போது லூப்பின் திசை செய்கிறது.

பொருள் லூப்பை உள்ளேயும் கொள்ளளவு லூப்பை வெளியேயும் வைக்கலாமா?

முழு அட்டவணையில் வைக்கலாம். பத்தி பத்தியாக நிரம்பும், விடை மாறாது. ஒற்றை வரிசையில் வைக்கக் கூடாது, அதுவும் இரண்டு விதங்களில் கெடும்.

வெளி லூப் w-ஐ 0-இலிருந்து ஏற்றிக்கொண்டு போனால், `dp[w]`-ஐக் கணக்கிடும்போது இடப்பக்கக் கட்டங்கள் எல்லாம் எல்லாப் பொருள்களையும் பார்த்து முடித்தவை. ஆகவே மீண்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கும் கணக்கு, விடை 23. வெளி லூப் W-இலிருந்து இறங்கினால் நிலைமை தலைகீழ்: `dp[7]`-ஐக் கணக்கிடும்போது இடப்பக்கத்தில் எல்லாமே இன்னும் 0. எந்தப் பொருளை எடுத்தாலும் அதற்குத் துணையாக வேறொன்று சேராது; ஒரே பொருளை மட்டும் எடுக்கும் கணக்காக அது சுருங்கிப்போய் 14 என்று விடை தரும். தனியாக எடுத்தால் அதிக மதிப்புள்ள த-வின் மதிப்பு அது.

பின்னோக்கித்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் இதே எடுத்துக்காட்டுக்கு 20 வருகிறது. என்ன தவறு?

பெரும்பாலும் லூப்பின் முடிவு எல்லையில் ஒன்று குறைந்திருக்கும். பைத்தானில் `range(W, wt[i], -1)` என்று எழுதினால் லூப் `wt[i] + 1` உடன் நின்றுவிடும். `w = wt[i]` என்ற கட்டம் தொடப்படாது. பொருள் பையைச் சரியாக நிரப்பும் நிலை அதுதான். க-வுக்குப் பிறகு `dp[2]` 0 ஆகவே இருக்கும், ச-வுக்குப் பிறகு `dp[3]` 9 ஆக வேண்டியது 7 ஆக நிற்கும். ட-வை எடுக்கும்போது `dp[7]` படிப்பது அந்த `dp[3]`-ஐத்தான். 13 + 9 க்குப் பதில் 13 + 7 ஆகி 20 வருகிறது. விகித முறை தந்த அதே 20 என்பதால், லூப்பில் தவறு இருக்கிறது என்று சந்தேகிக்காமல் முறையையே சந்தேகிக்கத் தோன்றும். அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். எடையும் கொள்ளளவும் சமமாக இருக்கும் ஒரே பொருளைக் கொடுத்துப் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரியும்: விடை 0 என்று வரும்.

ஒற்றை வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்த பொருள்களைக் கண்டுபிடிக்க முடியாதா?

இறுதி வரிசையை மட்டும் பார்த்து நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது. மேல் நோக்கி நடக்கும்போது நாம் ஒப்பிட்டது இரண்டு அடுத்தடுத்த வரிசைகளை. அவற்றில் ஒன்றுதான் இப்போது கையில் இருக்கிறது. இடத்தைச் சுருக்கியதற்கு நாம் கொடுக்கும் விலை இது. மதிப்பு மட்டும் போதும் என்றால் விலை எதுவும் இல்லை.

பொருள்களும் வேண்டுமென்றால், நடைமுறையில் நான் முதலில் பரிந்துரைப்பது பிட் அட்டவணையை. மேல் நோக்கி நடப்பதற்கு எண்கள் தேவையில்லை; இந்தக் கட்டத்தில் இந்தப் பொருள் எடுக்கப்பட்டதா இல்லையா என்ற ஒரு பிட் போதும். `dp[w]` மாறும்போதெல்லாம் `take[i][w]`-இல் 1 எழுத வேண்டும். மேலே சொன்ன 1000 பொருள், 1,00,000 கொள்ளளவு கணக்கில் பத்துக் கோடி பிட், அதாவது ஏறத்தாழ 12.5 மெகாபைட். 800 மெகாபைட்டோடு ஒப்பிட்டால் இது பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஒவ்வொரு பிட்டையும் ஒரு முழு எண்ணாகச் சேமித்துவிட்டால் இந்த ஆதாயம் போய்விடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

அந்த இடமும் இல்லை என்றால், பொருள்களை இரண்டு பாதியாகப் பிரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு சரங்களின் மிக நீளமான பொதுத் தொடரைக் குறைந்த இடத்தில் காண்பதற்கு டேனியல் ஹிர்ஷ்பெர்க் 1975-இல் வெளியிட்ட உத்தியின் அதே கருத்து இங்கும் பொருந்துகிறது. முதல் பாதிப் பொருள்களுக்கு மட்டும் ஓர் ஒற்றை வரிசை `F`, இரண்டாம் பாதிக்கு மட்டும் ஓர் ஒற்றை வரிசை `G`. பையில் k அலகை முதல் பாதிக்கும் மிச்சத்தை இரண்டாம் பாதிக்கும் ஒதுக்கினால் கிடைப்பது `F[k] + G[W-k]`. இது மிகப் பெரிதாக இருக்கும் k-ஐக் கண்டுபிடிக்க வேண்டும்.

```
k          0   1   2   3   4   5   6   7
F[k]       0   0   7   9   9  16  16  16
G[7-k]    14  14  14  13   0   0   0   0
கூட்டல்   14  14  21  22   9  16  16  16
```

k = 3 இல் 22. ஆகவே க, ச இரண்டுக்கும் சேர்த்து 3 அலகும், ட, த இரண்டுக்கும் சேர்த்து 4 அலகும் ஒதுக்க வேண்டும் என்று தெரிகிறது. இனி ஒவ்வொரு பாதியையும் அதற்குரிய சிறிய கொள்ளளவோடு மீண்டும் இரண்டாகப் பிரித்தால், கொள்ளளவு 3 இல் ச-வும் கொள்ளளவு 4 இல் ட-வும் தனித்து நிற்கும். ஒவ்வொரு மட்டத்திலும் வேலை முந்தைய மட்டத்தில் பாதியாகக் குறைகிறது. ஏனெனில் பாதிகளின் கொள்ளளவுகளைக் கூட்டினால் மீண்டும் W-தான் வருகிறது, பொருள்களோ ஒவ்வொன்றிலும் பாதிதான். அதனால் மொத்த நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, அதற்கு மேல் போவதில்லை. இடம் சில வரிசைகளோடு நின்றுவிடுகிறது.

பை சரியாக நிரம்பியே ஆக வேண்டும் என்றால் எதை மாற்ற வேண்டும்?

தொடக்க வரிசையை மட்டும். `dp[0]`-இல் 0, மற்ற எல்லாவற்றிலும் கழித்தல் முடிவிலி. பொருள் எதுவும் இல்லாமல் கொள்ளளவு 0 ஆக உள்ள பையைத்தான் சரியாக நிரப்ப முடியும் என்பதை இது சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில் `dp[1]` மட்டும் இறுதிவரை கழித்தல் முடிவிலியாகவே இருக்கும். எடை 1 என்று எந்தத் தெரிவும் கூடுவதில்லை. முடிவிலிக்குப் பதிலாக ஒரு பெரிய எதிர்ம முழு எண்ணைப் பயன்படுத்தும் மொழிகளில், அதன் மேல் மதிப்புகள் கூட்டப்பட்டு எண் மாறிவிடும் என்பதால், அந்த எண்ணுக்குச் சமமா என்று பார்க்காமல் எதிர்ம எண்ணா என்று பார்ப்பதே பாதுகாப்பு. மதிப்புகள் எதுவும் எதிர்மமாக இல்லாதவரை இது பொருந்தும்.

கொள்ளளவு நூறு கோடி என்று கொடுத்திருக்கிறார்கள். ஒற்றை வரிசை உதவுமா?

உதவாது. இடம் குறைந்தாலும் நேரம் பொருள்களின் எண்ணிக்கையையும் கொள்ளளவையும் பெருக்கிய அளவு. 100 பொருள் இருந்தாலே பத்தாயிரம் கோடிக் கட்டங்கள். கொள்ளளவை எழுதுவதற்கு ஓர் இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்காகிறது. இந்த முறை பல்லுறுப்பு நேரத்தில் முடிவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அப்படி அன்று என்பதற்கு இதுவே காரணம். ரிச்சர்ட் கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் நாப்சாக்கும் இடம்பெற்றிருப்பதோடு இது முரண்படவில்லை.

முதலில் எடைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது வகுத்தி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா எடைகளும் 1000-இன் மடங்காக இருந்தால், எடைகளையும் கொள்ளளவையும் 1000-ஆல் வகுத்து, கொள்ளளவின் பின்னத்தைக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் விடை மாறாது. வரிசை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அது இல்லாமல், மதிப்புகளின் கூட்டுத்தொகை சிறியதாக இருந்தால், அட்டவணையின் அச்சை மாற்றிவிடலாம். `M[v]` என்பது சரியாக v மதிப்பைப் பெறுவதற்குத் தேவையான குறைந்தபட்ச எடை. `M[0]` 0, மற்றவை முடிவிலி. ஒவ்வொரு பொருளுக்கும் v-ஐப் பெரியதிலிருந்து இறக்கிக்கொண்டே வந்து, `M[v]`, `M[v - val] + wt` இரண்டில் சிறியதை எழுத வேண்டும். பின்னோக்கிய திசைக்கான காரணம் இங்கும் அதேதான். நம் பொருள்களின் மொத்த மதிப்பு 43 என்பதால் கொள்ளளவு எதுவாக இருந்தாலும் 44 கட்டங்கள் போதும். இறுதியில் `M[22]` 7 ஆகவும், `M[23]` 8 ஆகவும் இருக்கும்; 23-ஐப் பெற ச-வும் த-வும் சேர வேண்டும், அவற்றின் எடை 8. கொள்ளளவு 7-க்குள் அடங்கும் மிகப் பெரிய v எது என்று தேடினால் 22 கிடைக்கிறது.